பெயர்ப்பலகையும் வாக்குறுதியும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையில் ஒரு பயிற்சி மையத்துக்குப் பெயரிடுதல்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று மாணவருக்கு அளிக்கும் முதல் வாக்குறுதி அதன் பெயர்தான். பாடத்திட்டம், கட்டணம், ஆசிரியர்களின் தகுதி ஆகியவை அனைத்தும் அதற்குப் பின்னரே தெரியவருகின்றன. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்து இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் பயணம் செய்யும் இளைஞர், பேருந்தின் சன்னலிலிருந்து காண்பது பெயரை மட்டுமே. அப்பெயரில் ‘வெற்றி’, ‘ரேங்க்’, ‘அரசுப் பணி’ என்னும் சொற்களுள் ஒன்று இடம்பெறுமாயின், மையத்தின் படியேறுவதற்கு முன்னரே அவருடைய மனத்தில் ஓர் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் ஆற்றல் மையத்தின் கையில் இல்லை. தேர்வை நடத்துவது ஆணையம், பணியிடங்களை அறிவிப்பது அரசுத் துறை, எழுதுவது மாணவர்.

இந்த எல்லைக் கிராமங்களில் பெயரிடும் சிக்கல் பிற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலானது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; அவற்றோடு சேர்த்துக் கோரப்பட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு அங்கே விழுந்தது. குடும்பங்களும் மொழிகளும் சந்தைகளும் அக்கோட்டின்படி பிரிந்துவிடவில்லை. ஆகவே பாறசாலையில் தொங்கும் பலகையை இரு மொழியினர் படிக்கின்றனர். திருவனந்தபுரம் பட்டத்திலுள்ள கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தை நோக்கியிருப்போரும், சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தை நோக்கியிருப்போரும் அதே பலகையின் கீழ் நிற்கின்றனர். ஒரே சொல் இவ்விரு சாராருக்கும் இரு வேறு வாக்குறுதிகளாகக் கேட்கக்கூடும்.

முதலில் சட்டத்தின் நிலை. பெயர் வேறு, விளம்பரம் வேறு என்னும் எண்ணம் பலரிடமும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இந்த வேறுபாட்டுக்கு மிகக் குறைந்த இடமே அளிக்கிறது. அச்சட்டத்தின்படி விளம்பரம் என்பது ஒலியாலோ ஒளியாலோ அச்சாலோ மின்னணு ஊடகத்தாலோ செய்யப்படும் எந்தச் சித்திரிப்பையும் உள்ளடக்கியது. அறிவிப்பும் சுற்றறிக்கையும் விலைப்பட்டியும்கூட அதில் சேரும். எனவே பெயர்ப்பலகை மட்டுமன்றி, அப்பெயர் அச்சிடப்பட்ட கட்டண ரசீதும் இவ்வரையறைக்குள் வரும் எனக் கொள்வதே பொருத்தம். பொய்யான உத்தரவாதம் தருவதும், சேவையின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடியதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என அதே சட்டம் வரையறுக்கிறது.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சித் துறைக்கெனத் தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தேர்ச்சி விகிதம், தரவரிசை, வேலை உறுதி ஆகியவை குறித்த பொய்க் கூற்றுகளை அந்நெறிகள் தடுக்கின்றன. வெற்றி பெற்ற மாணவரின் பெயரையோ படத்தையோ பயன்படுத்த அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதலும் அவர் வெற்றி பெற்ற பின்னர்ப் பெறப்பட்டதாக இருக்க வேண்டும். சேர்க்கையின்போதே ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இடமே இந்நெறிகளில் பயிற்சி மையம் எனப்படுகிறது. தனுவச்சபுரத்திலோ காரோட்டிலோ ஒரு வீட்டின் மாடியில் முப்பது பேருக்கு நடைபெறும் வகுப்பு அவ்வரையறைக்கு வெளியே நிற்கலாம். ஆயினும் தாய்ச்சட்டம் அதற்கும் பொருந்தும். சிறியது என்பதால் பொய் சொல்லும் உரிமை கிடைத்துவிடுவதில்லை.

பெயர் அடக்கமாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையின் சங்கர் ஐ.ஏ.எஸ். அகாடமி அதன் நிறுவனரின் பெயரைத் தாங்கியது; அப்பெயரில் எந்தப் பெரிய வாக்குறுதியும் இல்லை. எனினும் 2022ஆம் ஆண்டுக் குடிமைப்பணித் தேர்வில் தெரிவான 933 பேரில் 336 பேர் தம் மாணவர்கள் என்றும், தாமே இந்தியாவின் சிறந்த அகாடமி என்றும் விளம்பரம் செய்ததற்காக 2024இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆணையம் வெளியிட்ட விவரத்தின்படி, அந்த 336 பேரில் 221 பேர் இலவச நேர்முகத் தேர்வு வழிகாட்டலில் மட்டுமே பங்கேற்றவர்கள். முதனிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் அவர்கள் அந்த அகாடமியின் உதவியின்றியே கடந்துவிட்டிருந்தனர். எண்ணிக்கையைக் காட்டி, எந்தப் பயிற்சியின் விளைவு அது என்பதைச் சொல்லாமல் விட்டதே அங்குக் குற்றமாயிற்று. பெயரும் அதன் கீழுள்ள வாசகமும் பக்கத்திலுள்ள ஒளிப்படங்களும் ஒன்றாகவே படிக்கப்படுகின்றன என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பெயரைத் திருத்திவிட்டு வாசகத்தை விட்டுவிடுவது அரைத் திருத்தம்.

அடுத்தது கணக்கு. ‘வெற்றி’ என்னும் சொல் எத்தனை பேருக்கு உண்மையாகும் என்பதை எளிய வகுத்தலால் அறியலாம். 2024இல் தமிழ்நாடு தேர்வாணையம் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244; விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். பின்னர்ப் பணியிடங்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டன. உயர்த்தப்பட்ட எண்ணிக்கையைக் கொண்டாலும் சுமார் 220 விண்ணப்பதாரருக்கு ஓர் இடம். பாறசாலையில் நாற்பது பேர் பயிலும் ஒரு மையத்தை எண்ணிப் பார்க்கலாம். அம்மாணவர்கள் சராசரி விண்ணப்பதாரரைப் போன்றவர்கள் என்று கொண்டால், இத்தகைய தேர்வு ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கத்தக்க தெரிவு 0.18 பேர், அதாவது ஐந்தாறு தேர்வுகளுக்கு ஒருவர். விண்ணப்பித்தோர் எல்லோரும் ஊன்றிப் படித்தவர்கள் அல்லர் என்பது உண்மை. ஆதலால் தாராளமாக மதிப்பிட்டு, நல்ல பயிற்சி ஒரு மாணவரின் வாய்ப்பை ஐந்து மடங்கு உயர்த்துகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ ஒருவரே தெரிவாவார். மிகச் சிறப்பாக நடக்கும் மையத்திலும் நாற்பதில் முப்பத்தொன்பது பேருக்குப் பலகையிலுள்ள ‘வெற்றி’ அந்த ஆண்டில் பொய்யாகிறது.

இந்தக் கணக்கு மையத்தின் தரத்தைக் குறைத்துக் காட்டுவதற்கானதன்று. ஒருவரின் வாய்ப்பை ஐந்து மடங்காக்குவது அரிய பணி. ஆனால் அப்பணிக்குரிய பெயர் ‘வெற்றி’ அன்று; ‘பயிற்சி’ என்பதே. விளைவைப் பெயராக்கும்போது, செய்த நல்ல வேலைகூடத் தோல்வியாகக் கணக்கிடப்படுகிறது. முப்பத்தொன்பது பேர் தாம் பெற்ற இலக்கணத்தையும் கணிதத்தையும் எண்ணாமல், தமக்குக் கிடைக்காததையே எண்ணி வெளியேறுகின்றனர்.

கேரளத்தில் ‘ரேங்க்’ என்னும் சொல்லுக்கு இதனினும் நுட்பமான சிக்கல் உண்டு. பி.எஸ்.சி. மாணவரின் அன்றாட வாழ்வில் ஊறிய சொல் அது. வழிகாட்டி நூல்களே ‘ரேங்க் ஃபைல்’ என்னும் பெயரில்தான் விற்பனையாகின்றன. ஆகவே மையத்தின் பெயரில் அச்சொல்லைச் சேர்ப்பது இயல்பானதாகத் தோன்றும். ஆனால் கேரளத்தில் ரேங்க் பெறுவதும் பணி பெறுவதும் ஒன்றல்ல. ஆணையம் வெளியிடும் ரேங்க் பட்டியல் குறைந்தது ஓராண்டும் மிகுதியாக மூன்றாண்டும் செல்லுபடியாகும். அக்காலத்துக்குள் துறைகள் காலியிடங்களைத் தெரிவிக்க வேண்டும். அவற்றுக்கு ஏற்ப, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி முறைப்படி, ஆணையம் ‘அட்வைஸ் மெமோ’ அனுப்பும். பட்டியலில் உள்ள பெயர்கள் காலியிடங்களைவிட மிகுதியாகவே இருக்கும். காலியிடங்கள் தெரிவிக்கப்படாமலே பட்டியலின் காலம் முடிந்தால், அதிலுள்ள பெயர் வெறும் பெயராகவே முடிகிறது. 2021இல் தலைமைச் செயலகத்தின் முன் கடைநிலை ஊழியர், காவலர் பட்டியல்களில் இடம்பெற்றவர்கள் நடத்திய நீண்ட போராட்டம் இதனை வெளிப்படையாக்கியது. அங்கு அமர்ந்திருந்தவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர், ரேங்க் பெற்றவர்கள்.

இதிலிருந்து விளங்குவது: ‘ரேங்க்’ என்னும் பெயர் பொய்யாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. மையத்தின் மாணவர்கள் உண்மையாகவே பட்டியலில் இடம்பெற்றிருக்கலாம். ஆயினும் பலகையைப் படிக்கும் பெற்றோர் அச்சொல்லை ‘வேலை’ என்றே பொருள்கொள்கின்றனர். ஒரு சொல் சொல்வதற்கும் கேட்பவர் கொள்வதற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியில்தான் மிகை வாக்குறுதி வாழ்கிறது. ஒளிப்படத்தின் கீழ் ‘பட்டியலில் 212ஆம் இடம்’ என்று எழுதுவதோடு ‘அட்வைஸ் பெற்றார்’ அல்லது ‘அட்வைஸ் எதிர்நோக்கியுள்ளார்’ என்றும் எழுதும் மையம் அவ்விடைவெளியை மூடுகிறது. அதற்குக் கூடுதலாக ஒரு வரி மட்டுமே தேவை.

எல்லைக்கே உரிய மிகை வாக்குறுதி மற்றொன்று உண்டு. ‘இரு மாநில அரசுப் பணிக்கும் ஒரே பயிற்சி’ என்பது அது. பொது அறிவு, கணிதம், அரசமைப்பு ஆகிய பகுதிகள் இரு ஆணையங்களின் பாடத்திட்டங்களுக்கும் பெரிதும் பொதுவானவை என்பதால் இக்கூற்று நம்பத்தகுந்ததாகத் தோன்றும். உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் நான்காம் தொகுதித் தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதிக்கு 150 மதிப்பெண். அதில் 60 மதிப்பெண் பெறாதவரின் பொது அறிவு விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் வழியே பயின்ற நெய்யாற்றின்கரை மாணவருக்குத் தமிழ் காதுக்குப் பழகிய மொழி. கைக்குப் பழகிய மொழி அன்று. பிரித்தெழுதுதல், எதிர்ச்சொல், நூலும் நூலாசிரியரும் என வினாக்கள் வரும்போது பேச்சுத் தமிழ் அவரைக் காப்பதில்லை. மேலும், தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமை அவருக்குக் கிடையாது. பிற மாநிலத்தவர் என்னும் நிலையில், கேரளத்தில் அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவராயினும், தமிழ்நாட்டின் இட ஒதுக்கீட்டுப் பயனும் இல்லை. எதிர்த்திசையில், கேரள ஆணையம் பல தேர்வுகளில் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினருக்கு அவரவர் மொழியில் வினாத்தாள் வழங்குகிறது. அவ்வாய்ப்பை அறிந்து பயிற்சி தரும் இடங்களே குறைவு.

எனவே இப்பகுதியில் ஒரு மையம் பெயர்ப்பலகையில் தெரிவிக்க வேண்டிய இன்றியமையாத தகவல் இரண்டு: எந்த ஆணையத்தின் தேர்வு, எந்த மொழியில் பயிற்சி. ‘வெற்றி’ என்னும் சொல் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் இவ்விரு தகவல்களுக்கும் உரியது. மலையாள வழியில் பயின்ற மாணவர், ‘தமிழ்த் தகுதிப் பகுதிக்குத் தனி வகுப்பு உண்டு’ என்னும் வரியைக் கண்டால் தமக்கு எது தேவை என்பதை உணர்கிறார். அவ்வரி இல்லாத இடத்தில் ஓராண்டுக் கட்டணத்தையும் ஓராண்டு வயதையும் கொடுத்த பின்னரே அதனை உணர்கிறார்.

இனி மொழியின் சிக்கல். இரு மொழியினர் படிக்கும் பலகையில் வடமொழிச் சொல்லை வைத்தால் இருவருக்கும் பொதுவாக இருக்கும் என்னும் நம்பிக்கை பரவலானது. அது பல இடங்களில் பிழைபடுகிறது. மலையாளத்தில் ‘விஜயம்’ என்றால் வெற்றி; இன்றைய தமிழ் வாசகருக்கு அது முதலில் ஒருவர் வருகை தருவதையே நினைவூட்டும். மலையாளத்தில் ‘அவசரம்’ என்றால் வாய்ப்பு. தமிழில் அது பதற்றம். மலையாளத்தில் ‘பரிசீலனம்’ என்றால் பயிற்சி. தமிழர் காதில் அது ‘பரிசீலனை’யாக விழுந்து, விண்ணப்பம் ஏதோ அலுவலகத்தில் ஆய்வில் இருப்பதான எண்ணத்தைத் தரும். கடைசி எடுத்துக்காட்டு வேடிக்கையானதாகத் தோன்றினும் விளைவற்றதன்று: பரிசீலனை என்பது அரசு அலுவலகத்தின் சொல், அரசோடு தொடர்புடைய இடமோ என்னும் மயக்கத்துக்கு அது வழிவகுக்கும்.

அரசோடு தொடர்பு என்னும் மயக்கம் தனியே கவனிக்கத்தக்கது. 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறைகேடான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், மத்திய அல்லது மாநில அரசின் ஆதரவு இருப்பதாக எண்ணவைக்கும் பெயர்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ‘கேரள பி.எஸ்.சி. அகாடமி’, ‘அரசுத் தேர்வு வாரியப் பயிற்சி நிலையம்’ போன்ற வடிவங்கள் இந்த எல்லையைத் தொடுபவை. இது வெறும் தொழில்நுட்பச் சிக்கலன்று. 2020 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் சில பி.எஸ்.சி. பயிற்சி மையங்களில் விஜிலன்ஸ் துறை சோதனை நடத்தியது. அரசு ஊழியர்கள் வேறு பெயர்களில் மையங்களை நடத்துகின்றனர் என்பதே புகார். ஆணையத்துக்குள் ஆள் உண்டு என்னும் நம்பிக்கை விற்பனைக்கு வரும் சூழலில், ஆணையத்தின் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்ளும் மையம் அந்நம்பிக்கைக்குத் துணைபோகிறது. ஆணையத்தின் பெயரைப் பயிற்சியின் பொருளாக, துணைத்தலைப்பில், ‘பி.எஸ்.சி. தேர்வுகளுக்கான பயிற்சி’ எனக் குறிப்பது வேறு. அதனைத் தன் பெயராகவே சூடிக்கொள்வது வேறு.

இவற்றையெல்லாம் ஓர் எடுத்துக்காட்டில் பொருத்திப் பார்க்கலாம். பாறசாலைச் சந்திப்பின் அருகே, கேரள ஆணையத்தின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வுகளுக்கும் தமிழ்நாட்டின் நான்காம் தொகுதித் தேர்வுக்கும், இரு மொழிகளிலும் நாற்பது பேருக்குப் பயிற்சி தரும் ஒரு மையம் தொடங்கப்படவிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். முன்வைக்கப்படும் முதற்பெயர் ‘வெற்றி உறுதி அகாடமி’. இது உத்தரவாதம், சட்டத்தின்படியும் கணக்கின்படியும் நிற்காது. இரண்டாவது பெயர் ‘ரேங்க் மேக்கர்ஸ்’. ரேங்கை உருவாக்குவது மையம் என்னும் உரிமைகோரல் இதில் உள்ளது. ரேங்க் பணியன்று என்னும் உண்மை இதில் இல்லை. மூன்றாவது ‘விஜயம்’. பாதிப் பேருக்கு அது வெற்றி, மறுபாதிக்கு வருகை. நான்காவது ‘எல்லை அரசுப்பணித் தேர்வு வாரியம்’. ‘வாரியம்’ என்னும் சொல் ஒரு தனியார் மையத்துக்கு உரியதன்று.

ஐந்தாவதாக, மையத்தின் கையில் உண்மையாகவே இருப்பவை எவை என்று வினவி அதிலிருந்து தொடங்கலாம். இடம் அதன் கையில் உண்டு: பாறசாலை. செயல் அதன் கையில் உண்டு: நாள்தோறும் எழுதிப் பழகுதல். இச்செயலுக்கு இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல் ஒன்று இந்நிலத்திலேயே இருக்கிறது. ஆசான் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த இடம் ‘எழுத்துக்களரி’ எனப்பட்டது. களரி என்பது பயிலும் இடம். தமிழின் பயிற்சியும் மலையாளத்தின் பயற்றும் ஒரே வேரினவாகவே தோன்றுகின்றன. ‘பாறசாலை எழுத்துக்களரி’ என்னும் பெயரைத் தமிழரும் மலையாளியரும் ஒரே பொருளில் படிப்பர். அதில் விளைவு பற்றிய சொல் எதுவும் இல்லை. எழுத்துத் தேர்வுக்கு எழுதிப் பழகும் இடம் என்பதே அதன் பொருள். அப்பொருள் முதல் நாளிலும் கடைசி நாளிலும் உண்மையாக இருக்கும். சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் இடமோ, தற்காப்புக் கலைப் பள்ளியோ என்னும் ஐயம் எழக்கூடும். அதனைத் துணைவரி தீர்க்கும்: ‘கேரள பி.எஸ்.சி. பத்தாம் வகுப்பு நிலை, டி.என்.பி.எஸ்.சி. நான்காம் தொகுதித் தேர்வுகளுக்கான பயிற்சி, தமிழிலும் மலையாளத்திலும்.’ இத்துணைவரி பெயரின் கீழ் மறைந்துகிடக்கும் சிற்றெழுத்தாக இல்லாமல், சாலையின் மறுபுறத்திலிருந்து படிக்கத்தக்க அளவில் இருத்தல் வேண்டும். 2024 நெறிகள், பொறுப்புத்துறப்பு வரிகளும் முக்கியத் தகவல்களின் எழுத்தளவிலேயே இருக்க வேண்டும் என்கின்றன. அந்நியாயம் துணைவரிக்கும் பொருந்தும்.

பெயரைத் தேர்ந்தபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஈராண்டு பயின்று எந்தத் தேர்விலும் தெரிவாகாத மாணவர் ஒருவர், அப்பெயர் அச்சிட்ட ரசீதைத் தம் வீட்டு அலமாரியில் காண்பதாக எண்ணிப் பார்க்க வேண்டும். ‘வெற்றி உறுதி’ என்னும் பெயர் அவரை ஏளனம் செய்யும். ‘எழுத்துக்களரி’ என்னும் பெயர் அவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லும். தோற்றவர் முன்னிலையிலும் கூசாமல் நிற்கும் பெயரே மிகைபடாத பெயர்.

இதற்கு இரு மறுப்புகள் எழுவது இயல்பு. ‘வெற்றி’ என்பது வாக்குறுதி அன்று, வாழ்த்து என்பது முதலாவது. குழந்தைக்கு விஜயன் என்றும் ஜெயா என்றும் பெயரிடும் சமூகத்தில் மங்கலச் சொல்லை யாரும் ஒப்பந்தமாகக் கொள்வதில்லை என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் குழந்தையின் பெயருக்கு யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. பணம் பெற்றுக்கொண்டு சேவை விற்கும் இடத்தில் வாழ்த்துச் சொல்லும் விலையின் ஒரு பகுதியாகிவிடுகிறது. அரசே தன் திட்டத்துக்கு ‘நான் முதல்வன்’ எனப் பெயரிட்டிருக்கிறதே என்றும் கேட்கலாம். அத்திட்டத்தில் சேர மாணவர் நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. அதன் பெயர் ஊக்கமாக நின்றுவிட இயலும். கட்டண மையத்தின் பெயருக்கு அச்சலுகை இல்லை. சைதை துரைசாமியின் ‘மனிதநேயம்’ இலவசப் பயிற்சி மையமோ, கட்டணம் பெறாத நிலையிலும் விளைவைப் பெயராக்கவில்லை. ஒரு மதிப்பைப் பெயராக்கியது.

அடக்கமான பெயர் வைத்தால் எதிர்ப்புறத்து ‘நூறு சதவீத வெற்றி’ மையத்துக்கே கூட்டம் போகும் என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. முதல் ஆண்டில் அவ்வாறு நடக்கக்கூடும். எனினும் இரு காரணங்கள் எதிர்த்திசையில் இயங்குகின்றன. ஒன்று சட்டம் சார்ந்தது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சேவையின் தரத்தையோ நோக்கத்தையோ வெறுமனே விவரிக்கும் சொற்களையும், மக்களை ஏமாற்றக்கூடிய சொற்களையும் பதிவு செய்ய மறுக்க இடமளிக்கிறது. ‘வெற்றி அகாடமி’ என்னும் பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொள்வது கடினம். உதியன்குளங்கரையில் இன்னொருவர் அதே பெயரில் மையம் திறந்தால் தடுக்க வழியின்றிப் போகலாம். நாற்பத்தொன்றாம் வகுப்பில், தனிநபர் இணையவழியில் 4,500 ரூபாய் செலுத்தி விண்ணப்பிக்கும்போது, ஊர்ப்பெயரும் அரிய சொல்லும் இணைந்த பெயருக்கே கூடுதல் வாய்ப்பு உண்டு. மற்றொன்று ஊர் சார்ந்தது. எல்லைக் கிராமங்களில் சேர்க்கை பெரும்பாலும் முந்தைய மாணவரின் வாய்மொழியால் நிகழ்கிறது. நாற்பதில் முப்பத்தொன்பது பேர் தெரிவாகாதவர்கள் என்றால், மையத்தைப் பற்றி ஊரில் பேசுவோரில் பெரும்பாலோர் அவர்களே. ஏமாற்றப்பட்டதாக எண்ணும் முப்பத்தொன்பது பேரும், முயன்று பார்த்ததாக எண்ணும் முப்பத்தொன்பது பேரும் ஒரே சொல்லைப் பேசமாட்டார்கள்.

பெயரால் ஆகாதவையும் உண்டு. கட்டணத்தைத் திரும்பத் தரும் விதியைப் பெயர் சொல்லாது. ஆசிரியர் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லாது. தேர்வுக்கு எத்தனை பேர் அமர்ந்தனர், எத்தனை பேர் பட்டியலில் வந்தனர், எத்தனை பேருக்குப் பணியாணை கிடைத்தது என்னும் மூன்று எண்களை ஆண்டுதோறும் வாயிலில் எழுதிவைக்கும் பழக்கமே அவ்விடத்தை நிரப்ப முடியும். இம்மூன்றில் முதல் எண்ணை விட்டுவிட்டு மற்ற இரண்டை எழுதுவதே இன்றைய வழக்கம். நாற்பது பேர் எழுதினர், மூவர் பட்டியலில் வந்தனர், ஒருவர் பணியில் சேர்ந்தார் என்று எழுதும் மையத்துக்குக் கூச்சப்பட ஏதுமில்லை. மேற்கண்ட கணக்கின்படி அது நல்ல மையம். அந்த எண்களுக்கு மேலே தொங்கும் பெயர் அவற்றோடு முரண்படாமல் இருந்தால் போதும்.